இராத்திரி பத்தரை மணிச் சத்தம்

நம் குடியிருப்பின் பதினாறு வீட்டாருக்கும்,

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மொட்டைமாடியில் பெரிய பிரஷர் டேங்க் ஒன்று வைப்பது பற்றிப் பேசப்போகிறோம். குழாய்களில் கேட்கும் ‘டமார்’ சத்தம் அதோடு ஒழிந்துவிடும் என்று பம்ப் மாட்டியவர் சொல்லியிருக்கிறார். ஒழியாது என்று நான் நினைக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசினால் ஐந்து நிமிடத்தில் யாராவது பார்க்கிங் பிரச்சினைக்குத் தாவிவிடுவீர்கள். அதனால் எழுதியே தருகிறேன்.

அதற்கு முன் ஒரு மன்னிப்பு. மாசி மாதம் புகார் நோட்டில், “இரண்டாம் மாடியில் இராத்திரி பத்தரை மணிக்கு மேல் உரல் இடிக்கிறார்கள்” என்று எழுதியது நான்தான். எனக்கு மேல்வீட்டுத் தம்பியும் அவர் மனைவியும் தை மாதம் குடிவந்தார்கள். சத்தமும் தை மாதம்தான் தொடங்கியது. என் படுக்கையறைக்கு நேர் மேலே கேட்டது. வேறு என்ன நினைப்பேன்? அந்தத் தம்பி வந்து, “டீச்சர், எங்க வீட்டுல மிக்ஸிதான் இருக்கு, உரலே கிடையாது” என்று பொறுமையாகச் சொன்னபோதும் நான் நம்பவில்லை. சத்தம் என் சொந்த வாஷிங் மெஷினிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. இருபத்தெட்டு வருடம் பாலிடெக்னிக்கில் நீரியல் பாடம் நடத்தியவள் நான். இதைவிட வெட்கம் வேறில்லை.

என்னை ஏமாற்றியது சத்தம் கேட்ட இடம். மெஷின் இருப்பது பின்பக்க பால்கனியில். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் அரை அங்குல சி.பி.வி.சி. குழாய் ஷாஃப்டிலிருந்து கிளம்பி, படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடி, இரண்டு எல்போ திரும்பி, ஏறக்குறைய 12 மீட்டர் தாண்டி மெஷினுக்குப் போகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அந்தக் குழாய்க்குக் கிளாம்ப்பே போடவில்லை, சும்மா கிடக்கிறது. வால்வு மூடுவது பால்கனியில், குழாய் துள்ளிக் கான்கிரீட்டில் மோதுவது படுக்கையறைப் பக்கம். இந்தச் சத்தத்தைத் தேடுகிறவர்கள் காது காட்டுகிற இடத்துக்குப் போனால் தவறான வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், நான் தட்டிய மாதிரி.

பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் மதியம் துணி போட்டுவிட்டு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் நிரம்பி ‘டக்’ என்று நின்ற கணத்தில் பின்னால் தொங்கிய ஹோஸ் பாம்பு போல ஒரு துள்ளு துள்ளியது. அதே கணத்தில் உள்ளே படுக்கையறைப் பக்கம் ‘டமார்’. ஆங்கிள் காக்கைப் பாதி மூடிவிட்டு அடுத்த முறை நிரம்பும்வரை காத்திருந்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. முக்கால் மூடியபோது கேட்கவே இல்லை. உங்கள் வீட்டுச் சத்தமும் இதுதானா என்று பார்க்க இந்தச் சோதனையே போதும். ஓடுகிற தண்ணீர் சட்டென்று நிற்கும் கணத்தில் மட்டும் ஓர் இடி, ஓட்டத்தைக் குறைத்தால் இடியும் குறைகிறது என்றால் அது இதேதான். கீசர் போட்ட பிறகு ‘டிக் டிக்’ என்று கேட்பது குழாய் சூட்டில் நீள்வது. குழாயைத் திறக்கும்போது இருமுவது உள்ளே மாட்டிய காற்று. திறந்திருக்கும் நேரமெல்லாம் உறுமினால் பெரும்பாலும் தளர்ந்த வாஷர். அவற்றுக்கெல்லாம் நான் சொல்லப்போகிற மருந்து பலிக்காது.

சரி, ஏன் இடிக்கிறது? மெஷின் ஒரு தடவை நிரப்பிய தண்ணீரை வெளியே விட்டு வாளியில் அளந்தேன்: 40 லிட்டர். நிரம்ப எடுத்த நேரம் 3 நிமிடம் 20 நொடி. அதாவது நொடிக்கு 200 மில்லி. அரை அங்குல சி.பி.வி.சி.யின் உள்வாய் பரப்பு 1.2 சதுர சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டால் குழாய்க்குள் தண்ணீர் நொடிக்குச் சுமார் 1.65 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாம் சற்று வேகமாக நடக்கிற வேகம். 12 மீட்டர் குழாயில் இருக்கும் தண்ணீரின் எடை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ அரிசிப் பையை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அளவுதான். இவ்வளவு சின்ன விஷயம் வீட்டையே அதிர வைக்கிறதே என்றால், காரணம் நிறுத்தப்படும் விதம்.

மெஷினுக்குள் இருப்பது சோலினாய்டு வால்வு. மின்சாரம் நின்றதும் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு ‘டப்’ என்று விழுந்து மூடிக்கொள்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. வால்வை ஒட்டிய தண்ணீர் உடனே நிற்கிறது. ஆனால் பின்னால் வருகிற தண்ணீருக்கு அது தெரியாது. கூட்ஸ் ரயில் பிரேக் போடும்போது ‘டங், டங், டங்’ என்று பெட்டி பெட்டியாக ஓடுகிற சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். முன்பெட்டி நின்றது கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர நேரமாகிறதல்லவா? அதேபோல் தண்ணீரும் அடுக்கடுக்காக முட்டி, நசுங்கி, குழாயையும் கொஞ்சம் உப்ப வைத்து நிற்கிறது. “நில்” என்ற அந்தச் செய்தி அழுத்த அலையாகப் பின்னோக்கி ஓடுகிறது. சி.பி.வி.சி. குழாயில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். பழைய ஜி.ஐ. குழாய் விறைப்பானது, உப்பிக் கொடுக்காது. அதில் 1,400 மீட்டர்.

அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது: தண்ணீரின் அடர்த்தியை அலையின் வேகத்தாலும் ஓட்டத்தின் வேகத்தாலும் பெருக்க வேண்டும். நிக்கலாய் ஷுகோவ்ஸ்கி என்ற ரஷ்யர் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898-இல் வெளியிட்டது. அவர் பெயரை வகுப்பில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் உச்சரிக்க முடியாமல் சிரிப்பார்கள். விதி மட்டும் சிரிப்புக்கு இடமில்லாதது. என் குழாய்க்கு 8 பார் வருகிறது. வாஷிங் மெஷினின் ரப்பர் ஹோஸ் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் இது உச்சக் கணக்கு. ஏற்கெனவே குழாயில் இருக்கும் 2.5 பாரையும் சேர்த்தால் 10 பாருக்கு மேல். பார் என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். ஆக, ஒரு கணத்துக்கு என் வீட்டுக் குழாய், முப்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் தொட்டி இருந்தால் என்ன ஆகுமோ அதை அனுபவிக்கிறது. எல்போவின் மேல் அது பத்து கிலோ பாரம் போல உதைக்கிறது. கிளாம்ப் இல்லாத குழாய் பின்னே எப்படிச் சும்மா இருக்கும்?

இதே மெஷின், இதே குழாய், ஆறு வருடம் சத்தமில்லாமல்தான் ஓடியது. தையில் மாறியது என்ன? மேல்வீட்டுக்குத் தம்பி குடிவந்தது மட்டுமில்லை. அந்த மாதம்தான் மூன்றாம் மாடிக்காரர்களுக்கு ஷவரில் தண்ணீர் வரவில்லை என்று மொட்டைமாடியில் பிரஷர் பம்ப் வைத்தோம். அதுவரை முதல் மாடியான என் வீட்டுக்குத் தொட்டியின் உயரத்தால் மட்டும் 1 பார் கிடைத்தது. பம்ப் வந்தபின் 2.5. ஓட்டத்தின் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது; இடியும் அதே மடங்கில் கூடியது. முன்பும் ஒரு சின்ன ‘டொக்’ இருந்திருக்கும். நான் கவனித்ததில்லை.

“அப்ப பம்ப் பிரஷரைக் குறைச்சிடலாமே டீச்சர்” என்று நம் பிளம்பர் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் பலன் குறைவு. அழுத்தத்தை 2.5-இலிருந்து 1.5-க்கு இறக்கினாலும் ஓட்டத்தின் வேகம் கால் பங்குகூடக் குறையாது, ஏனென்றால் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் போகிறது. மூன்றாம் மாடியில் மறுபடியும் ஷவர் சொட்டும். என் வீட்டில் இடி கொஞ்சம் மெல்லியதாகும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

இப்போது மொட்டைமாடி டேங்குக்கு வருகிறேன். அந்த டேங்கின் உள்ளே ரப்பர்ப் பையும் காற்றும் இருக்கும். பம்ப் அடிக்கடி ஓடி நிற்பதைக் குறைக்கும். அதற்காக வாங்குவதென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் வீட்டில் கிளம்பும் அலை அதுவரை போவதே இல்லை. அரை அங்குலக் கிளைக்குழாய் ஷாஃப்டில் இருக்கும் ஒன்றரை அங்குலக் குழாயில் சேருமிடத்தில் அகலம் சட்டென்று பெரிதாகிறது. அங்கே அலையின் பெரும்பகுதி திரும்பி என் வீட்டுக்கே வந்துவிடும். எட்டில் ஒரு பங்குதான் ஷாஃப்டுக்குள் போகும். அந்த எட்டில் ஒரு பங்கைத்தான் மேலே டேங்க் விழுங்கும். மற்ற ஏழு பங்கும் என் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே முன்னும் பின்னும் ஓடி அடங்கும். வீட்டுக்குள் பிறக்கிற இடியை வீட்டுக்குள்ளேதான், அதுவும் வால்வுக்குப் பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

பிடிக்க இரண்டு வழி. ஒன்று, மெதுவாக மூடுவது. அலை கிளம்பி, ஷாஃப்ட் குழாயில் முட்டித் திரும்பி, வால்வுக்கு வந்துசேர 24 மீட்டர் ஓட வேண்டும். சுமார் நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் வால்வு மூடிவிட்டால் முழு 8 பாரும் விழும். அதைவிட மெதுவாக மூடினால், திரும்பி வருகிற அலை அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்கும். ஒரு நொடி எடுத்து ஒரே சீராக மூடினால் ஏற்றம் அரை பார்கூட இல்லை. நம் அப்பா காலத்துப் பித்தளைக் குழாயை மூன்று நான்கு சுற்றுச் சுற்றித்தான் மூட முடியும். அந்தக் குழாய் இடித்து யாரும் கேட்டதில்லை. இப்போது எல்லோர் வீட்டிலும் கால் சுற்றுக் குழாய்கள். உள்ளே இரண்டு பீங்கான் தட்டு, ஒரு தட்டு தட்டினால் மூடிவிடும். சொட்டாது, வாஷர் மாற்ற வேண்டாம், எல்லாம் நல்லதுதான். ஆனால் வேகத்தை உங்கள் கையில் விட்டுவிட்டார்கள். ஹெல்த் ஃபாசெட் இன்னும் மோசம்: விரலை எடுத்தால் ஸ்பிரிங் தானே அடைத்துவிடும். அதற்கு ஆங்கிள் காக்கைப் பாதிக்குக் குறைத்து வைப்பதே போதும். அவ்வளவு வேகத்தில் தண்ணீர் அங்கே யாருக்கும் தேவையில்லை.

தானாகத் தண்ணீர் நிறுத்தும் கருவி எதையாவது வாங்குகிறவர்கள் சோலினாய்டா, மோட்டார் வைத்த பால் வால்வா என்று கேளுங்கள். மோட்டார் வால்வு முழுதும் திரும்பச் சில நொடி எடுக்கும், இடிக்காது. ஆர்.ஓ. மெஷினிலும் சோலினாய்டு இருக்கிறதே என்று முதல் வீட்டு அக்கா கேட்டார். இருக்கிறது. ஆனால் அதில் ஓடுவது சின்ன டியூபில் மெல்லிய ஓட்டம். நிறுத்துவதற்கு அங்கே வேகமே இல்லை.

வாஷிங் மெஷினின் வால்வை நம்மால் மெதுவாக்க முடியாது. ஆங்கிள் காக்கைக் குறைக்கலாம். நான் அப்படித்தான் இரண்டு வாரம் ஓட்டினேன். ரொம்பக் குறைத்தபோது தண்ணீர் வரவில்லை என்று நினைத்து மெஷின் பீப் அடித்து நின்றுவிட்டது. அதனால் இரண்டாவது வழி: வாட்டர் ஹேமர் அரெஸ்டர்.

கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய ஒரு உருளை. ஒரு முனை மூடியிருக்கும், உள்ளே அடைபட்ட காற்று. நடுவே ரப்பர் வளையம் போட்ட ஒரு பிஸ்டன், மறுபக்கம் நம் குழாய்த் தண்ணீர். வால்வு மூடியதும் ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்பதற்குப் பதில் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. காற்று நசுங்கி அதை மெதுவாக நிறுத்துகிறது. அரிசிப் பை தரையில் விழாமல் மெத்தையில் விழுகிறது. இவ்வளவு சின்னது போதுமா என்று சந்தேகப்படாதீர்கள். நான் சொன்ன அந்த ஆற்றலை வாங்க, பிஸ்டன் மூன்று நான்கு மில்லி தண்ணீருக்கு இடம் விட்டால் போதும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

பழைய பிளம்பர்கள் பிஸ்டன் இல்லாமலே இதைச் செய்வார்கள்: குழாயிலிருந்து ஓரடி நீளத்துக்கு ஒரு துண்டை மேல்நோக்கி நிறுத்தி மூடி போட்டுவிடுவார்கள், உள்ளே காற்று நிற்கும் என்று. முதல் சில வாரம் அருமையாக வேலை செய்யும். பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, துண்டு முழுக்கத் தண்ணீர் நிறைந்து, இடி திரும்பிவிடும். லைனை முழுக்க வடித்துவிட்டு மறுபடி திறந்தால் காற்று வரும், மறுபடி போகும். பிஸ்டன் இருப்பதே காற்றையும் தண்ணீரையும் தொடவிடாமல் பிரித்து வைக்கத்தான்.

வாங்குவதில் மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது பெயர். நம் கடைத்தெருவில் கேட்டதற்கு முதலில் ஏர் வென்ட் வால்வையும், அடுத்த கடையில் என்.ஆர்.வி.யையும் எடுத்து வைத்தார்கள். இரண்டும் அது இல்லை. இரண்டாவது இடம். வால்விலிருந்து ஆறடிக்குள் இருக்க வேண்டும். மெஷினுக்கு என்றால் ஆங்கிள் காக்குக்கும் ஹோஸுக்கும் நடுவே திருகி மாட்டும் முக்கால் அங்குல வகை கிடைக்கிறது. சுவரை உடைக்க வேண்டியதில்லை. எங்கோ ஷாஃப்டில் வைத்தால் அது மொட்டைமாடி டேங்கின் தம்பிதான்.

மூன்றாவதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பல அரெஸ்டர்களில் தொழிற்சாலையிலேயே சுமார் 4 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்துத்தான் வரும். அழுத்தம் அதைத் தாண்டும்வரை பிஸ்டன் அசையாது. என் வீட்டில் 2.5 பாரிலிருந்து 10-க்கு மேல் பாய்கிற அலையை அது 5, 6 பாருக்குள் பிடித்துவிடும். கணக்கும் அப்படி, காதும் அப்படி. ஆனால் பம்ப் லைனில் சேராமல் தொட்டியிலிருந்து நேராக வரும் குழாயில், 1 பாரில் கிளம்பி 5 பாருக்குத்தான் ஏறும் என்றால், முக்கால் தூரம் அலை போனபிறகுதான் அது கண் விழிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் காசைச் செலவழிக்காமல் ஆங்கிள் காக்கைக் குறைத்துக் கிளாம்ப் போடுங்கள். எவ்வளவு காற்று என்பது பெட்டியின் மேலோ உள்ளே வரும் காகிதத்திலோ இருக்கும்.

என் வீட்டில் செய்தது இவ்வளவுதான்: ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையை எடுத்துக் குழாய்க்கு நான்கு கிளாம்ப், நடுவே ரப்பர் துண்டு. மெஷின் ஆங்கிள் காக்கில் ஓர் அரெஸ்டர். பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலை. கிளாம்ப் மட்டும் போட்டபோதே சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் அத்தோடு விட்டிருந்தால் தவறு. சத்தம் போய்விடும், அழுத்தம் அப்படியே இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் சி.பி.வி.சி. குழாய் 10 பாரைத் தாங்கும். கீசர் தாங்குமா? உங்கள் கீசரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், பலவற்றில் 8 பார் என்றுதான் போட்டிருக்கும். பி பிளாக்கில் சிங்க்குக்குக் கீழே வருடத்துக்கு இரண்டு ஹோஸ் வெடிக்கிறதே, அதற்கும் இதுதான் காரணமா என்று அங்கே போய்க் காது வைத்துக் கேட்காமல் சொல்ல மாட்டேன். ஒருமுறை தவறான கதவைத் தட்டியது போதும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை என் கோரிக்கை: சத்தத்துக்காக என்று சொல்லி அந்த டேங்குக்குப் பணம் ஒதுக்காதீர்கள். சத்தம் கேட்கிற வீட்டுக்காரர்கள் நான் சொன்ன ஆங்கிள் காக் சோதனையை இந்த வாரமே செய்து, எந்த வால்வு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அரெஸ்டர் தேவைப்படுகிற வீடுகளைக் கணக்கெடுத்து மொத்தமாக வாங்கலாம்.

இன்னொன்று. என் வீட்டுச் சத்தம் நின்றபிறகுதான் விடிகாலை ஐந்து மணி இடி தனியாகக் கேட்கிறது. அது யார் வீட்டு மெஷினும் இல்லை. சம்ப் மோட்டார் நிற்கும்போது, மொட்டைமாடிவரை நிற்கும் ஜி.ஐ. குழாயின் தண்ணீர் கீழே திரும்பத் தொடங்குகிறது, என்.ஆர்.வி.யின் மடல் அது திரும்பியபிறகுதான் தாமதமாக வந்து அறைகிறது. நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் திரும்பினாலே ஜி.ஐ. குழாயில் அது 4 பார் அடி. கரண்ட் போகும்போதெல்லாம் இதேதான் நடக்கிறது. தண்ணீர் திரும்புமுன்பே மூடிவிடுகிற ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. ஒன்று மாற்றினால் போதும். இதையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். புகார் நோட்டில் நான் எழுதியதை அடித்துவிட்டேன். மேல்வீட்டுத் தம்பி பார்க்க வேண்டுமென்றால் செக்யூரிட்டி அண்ணனிடம் நோட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
முதல் மாடி, 1-சி வீட்டு டீச்சர்